சரியான அடைப்புக்குறிச் சரங்களை உருவாக்குதலும் எண்ணுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறக்கும் குறியும் மூடும் குறியும் சம எண்ணிக்கையில் இருந்தால் போதாதா? "சரியான" சரம் என்று தனியாகச் சொல்வது எதற்கு?

போதாது. `())(()` என்ற சரத்தில் திறக்கும் குறிகள் மூன்று, மூடும் குறிகளும் மூன்று. ஆயினும் மூன்றாவது எழுத்துக்கு வரும்போது, திறக்கப்படாத ஒன்றை மூட முயல்கிறோம். அதற்குப் பின் என்ன எழுதினாலும் அந்தப் பிழை சரியாகாது.

இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, இதுவரை திறக்கப்பட்டு இன்னும் மூடப்படாதவற்றின் எண்ணிக்கையை "நிலுவை" என்று அழைப்போம். திறக்கும் குறி வந்தால் நிலுவை ஒன்று கூடும். மூடும் குறி வந்தால் ஒன்று குறையும். நிலுவை எந்த இடத்திலும் சுழியத்துக்குக் கீழே இறங்காமலும், கடைசியில் சுழியமாகவும் இருந்தால் அது சரியான சரம். மேலே உள்ள சரத்தின் நிலுவை 1, 0, −1, 0, 1, 0 என்று செல்கிறது. முடிவு சரியாக இருந்தும் நடுவில் −1 வந்துவிட்டதால் அது தவறான சரம். இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் அனைத்தும் இந்த ஒரு நிலுவைக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

6 எழுத்து என்றால் மொத்தம் 64 சரங்கள்தானே? எல்லாவற்றையும் எழுதி, தவறானவற்றை வடிகட்டிவிட்டால் என்ன?

6 எழுத்துக்குத் தாராளமாகச் செய்யலாம். 64 சரங்களில் ஐந்து மட்டுமே மிஞ்சும்: `((()))`, `(()())`, `(())()`, `()(())`, `()()()`. ஆனால் 20 எழுத்துக்கு 10,48,576 சரங்களை எழுதிப் பார்த்து அவற்றில் 16,796 சரங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதாவது அறுபதுக்கும் மேற்பட்ட சரங்களை எழுதினால்தான் ஒன்று தேறும். நீளம் கூடக்கூட இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

இந்த வீணடிப்பு எங்கே நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் எழுத்தே `)` என்று தொடங்கும் சரங்கள் மொத்தத்தில் பாதி. அந்த முதல் எழுத்தைப் பார்த்தவுடனேயே இனி எதுவும் தேறாது என்று தெரிந்துவிடுகிறது. ஆயினும் வடிகட்டும் முறை மீதமுள்ள 19 எழுத்துகளையும் எல்லா வகையிலும் நிரப்பிப் பார்த்த பிறகே அவற்றைத் தள்ளுகிறது. தவறு நிகழும் எழுத்தை எழுதாமலேயே விட்டுவிடுவதுதான் பேக்டிராக்கிங், அதாவது பின்வாங்கித் தேடும் முறை.

பேக்டிராக்கிங் நிரல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?

சோடிகளின் எண்ணிக்கை `n` எனவும், இதுவரை எழுதிய திறக்கும் குறிகள் `o` எனவும், மூடும் குறிகள் `c` எனவும் கொள்வோம். எந்த நிலையிலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. திறக்கும் குறி இன்னும் கைவசம் இருக்கிறதா, அதாவது `o < n` ஆக இருக்கிறதா? நிலுவை ஏதேனும் இருக்கிறதா, அதாவது `c < o` ஆக இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் `(` எழுதலாம். இரண்டாவதற்கு ஆம் என்றால் `)` எழுதலாம். இரண்டுக்கும் ஆம் என்றால் இரண்டு வழிகளிலும் சென்று பார்க்க வேண்டும்.

```python
def generate(n):
    out = []
    def go(s, o, c):
        if len(s) == 2 * n:
            out.append(s)
            return
        if o < n:
            go(s + "(", o + 1, c)
        if c < o:
            go(s + ")", o, c + 1)
    go("", 0, 0)
    return out
```

`n = 3` என்று வைத்து நடந்து பார்ப்போம். வெற்றுச் சரத்தில் நிலுவை இல்லாததால் `(` மட்டுமே எழுத முடியும். பிறகு `((`, `(((` என்று செல்கிறது. இங்கே திறக்கும் குறிகள் தீர்ந்துவிட்டன. ஆகவே மூன்று முறை மூடி `((()))` கிடைக்கிறது. இப்போது நிரல் வந்த வழியே திரும்புகிறது. திரும்பும் வழியில் `((())`, `((()`, `(((` ஆகிய மூன்று நிலைகளிலும் வேறு வழி எதுவும் மிச்சமில்லை. `((` என்ற நிலைக்கு வந்ததும், முதலில் `(` எழுதிப் பார்த்தாயிற்று, `)` இன்னும் எழுதவில்லை என்பதால், `(()` என்ற புதிய கிளை பிறக்கிறது. அதிலிருந்து `(()())` என்ற சரமும், பிறகு `(())()` என்ற சரமும் வருகின்றன. அந்தக் கிளையும் தீர்ந்த பின் `(` வரை பின்வாங்கி, `()` என்று தொடங்கும் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டு நிரல் முடிகிறது.

ஒரு பக்கப் பலனும் உண்டு. கணினி எழுத்துக் குறியீட்டில் `(` என்பதன் எண் 40, `)` என்பதன் எண் 41. நிரல் எப்போதும் `(` கிளையை முதலில் எடுப்பதால், விடைகள் தனியாக வரிசைப்படுத்த வேண்டிய தேவையின்றி அகர வரிசையிலேயே வருகின்றன. இரண்டு `if` பகுதிகளையும் இடம் மாற்றினால் அதே விடைகள் தலைகீழ் வரிசையில் வரும்.

நிரல் எங்கேயாவது முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு, விடை கிடைக்காமல் திரும்புமா?

இந்தக் கணக்கில் அப்படி ஒருபோதும் நிகழாது. பேக்டிராக்கிங் என்றவுடன் பலரும் நினைவில் கொண்டுவருவது, சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று தாக்காதபடி வைக்கும் புதிரை. அங்கே பாதி வழி சென்ற பின், அடுத்த வரிசையில் எந்தக் கட்டமும் பொருந்தாமல் வெறுங்கையுடன் திரும்ப நேரும். இங்கே அந்த நிலை இல்லை.

காரணம் எளியது. இரண்டு விதிகளையும் மீறாமல் எழுதப்பட்ட எந்த அரைகுறைச் சரத்தை எடுத்துக்கொண்டாலும், மீதமுள்ள திறக்கும் குறிகளை எல்லாம் முதலில் எழுதி, பிறகு நிலுவை தீரும் வரை மூடிக்கொண்டே போனால் ஒரு சரியான சரம் கிடைத்துவிடும். ஆகவே நிரல் செல்லும் வழிகளை ஒரு மரமாக வரைந்தால், அதன் ஒவ்வொரு கணுவுக்கும், அதாவது ஒவ்வொரு அரைகுறைச் சரத்துக்கும், கீழே குறைந்தது ஒரு விடையாவது இருக்கிறது. நிரல் பின்வாங்குவதெல்லாம் ஒரு விடையைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்ததைத் தேடுவதற்காகவே.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. `o < n`, `c < o` என்ற இரண்டு நிபந்தனைகளும் தேவையானவை மட்டுமல்ல, போதுமானவையும் கூட. முடிவில் மறுபடி ஒரு முறை சரத்தைச் சோதிக்கும் வரிகளைச் சிலர் "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கிறார்கள். அந்தச் சோதனை எப்போதாவது ஒரு சரத்தைத் தள்ளினால், மேலே உள்ள நிபந்தனைகளில் ஒன்று தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது திருத்த வேண்டிய இடம் மேலே உள்ளதே.

என் நிரல் ஓடுகிறது, ஆனால் 5 விடைகளுக்குப் பதிலாக வேறு ஏதோ வருகிறது. எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

`n = 3` வைத்து ஓட்டி, வந்த விடைகளை எண்ணுங்கள். பெரும்பாலான பிழைகள் அந்த எண்ணிக்கையிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

20 விடைகள் வந்தால், `c < o` என்று எழுத வேண்டிய இடத்தில் `c < n` என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது நிலுவையைப் பாராமல், மூன்று திறப்பும் மூன்று மூடலும் கொண்ட எல்லாச் சரங்களும் வருகின்றன. ஆறு இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 20.

`((()))` என்ற ஒரே விடை வந்தால், இரண்டாவது `if` இருக்க வேண்டிய இடத்தில் `elif` இருக்கிறதா என்று பாருங்கள். திறக்க முடிந்தபோதெல்லாம் நிரல் திறந்துகொண்டே போய், மூடும் கிளைக்குள் நுழையாமலேயே திரும்பிவிடுகிறது. முதன்முதலில் இதை எழுதியபோது நான் செய்த பிழை இதுதான். வந்த ஒரு விடை சரியானதாக இருந்ததால், பிழை இருப்பதே வெகுநேரம் தெரியவில்லை.

மற்ற இரண்டு பிழைகள், சரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காமல், ஒரே பட்டியலில் எழுத்துகளைச் சேர்த்தும் நீக்கியும் எழுதும்போது வருபவை. அந்த வடிவம் இது:

```python
if o < n:
    path.append("(")
    go(o + 1, c)
    path.pop()
```

விடையைச் சேமிக்கும் இடத்தில் `out.append(path)` என்று எழுதினால், முடிவில் ஐந்து வெற்றுப் பட்டியல்கள் கிடைக்கும். சேமிக்கப்பட்டது பட்டியலின் நகல் அல்ல, அதே பட்டியல்தான். நிரல் முடியும்போது அதிலிருந்த எழுத்துகள் அனைத்தும் நீக்கப்பட்டிருக்கும். `out.append("".join(path))` என்று எழுதினால் அந்த நொடியின் நிலை தனிச் சரமாகப் பதிவாகும்.

`path.pop()` என்ற வரியை இரண்டு கிளைகளிலும் மறந்துவிட்டால் நேர்வது இன்னும் வேடிக்கையானது. முடியும் நிபந்தனை பட்டியலின் நீளத்தைப் பார்ப்பதாக இருந்தால், முதல் விடைக்குப் பின் நீளம் ஆறுக்குத் திரும்புவதே இல்லை. ஆகவே ஒரு விடையோடு நின்றுவிடும். நிபந்தனை `o == n and c == n` என்று இருந்தால் ஐந்து விடைகள் வரும், ஆனால் அவற்றின் நீளங்கள் 6, 10, 13, 18, 21 என்று இருக்கும். இங்கே எண்ணிக்கை சரியாகவே இருப்பதால், எண்ணிப் பார்ப்பதோடு நிற்காமல் ஒவ்வொரு விடையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். கடைசி நீளமான 21 என்பது தற்செயலாக வந்த எண் அல்ல. அது மரத்திலுள்ள கிளைகளின் மொத்த எண்ணிக்கை. அடுத்த விடையில் அந்த எண் மறுபடி வரும்.

மொத்தம் எத்தனை முறை `go` ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது?

`n = 3` என்றால் 22 முறை. நீளவாரியாகப் பார்த்தால், 0 முதல் 6 வரையான நீளங்களில் முறையே 1, 1, 2, 3, 5, 5, 5 அரைகுறைச் சரங்கள் உள்ளன, கூட்டினால் 22. வேரைத் தவிர ஒவ்வொரு கணுவுக்கும் மேலிருந்து ஒரு கிளை வருவதால், கிளைகள் 21.

22 என்பதை 1 + 2 + 5 + 14 என்றும் எழுதலாம். இவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சோடிகளுக்கான விடை எண்ணிக்கைகள். இதுவும் தற்செயல் அல்ல. நான்கு சோடிகள் கொண்ட ஒரு சரியான சரத்தை எடுத்து, அதன் கடைசித் திறக்கும் குறிக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். கையில் மிஞ்சுவது மூன்று திறப்புகள் கொண்ட ஓர் அரைகுறைச் சரம். திரும்பவும் அதன்பின் ஒரு `(` எழுதி, நிலுவை தீர மூடினால் பழைய சரமே வந்துவிடும். வேறு விதமாக அதை முடிக்க வழியில்லை. ஆகவே மூன்று திறப்புகள் கொண்ட அரைகுறைச் சரங்கள், முழுமை பெற்றவற்றையும் சேர்த்து, மிகச் சரியாக 14. இதே போல இரண்டு திறப்புகள் கொண்டவை 5, ஒரு திறப்பு கொண்டவை 2, திறப்பே இல்லாதது வெற்றுச் சரம் ஒன்று.

இதன் விளைவு என்னவென்றால், `n` எவ்வளவு பெரிதானாலும் ஒரு விடைக்குச் சராசரியாக ஆறு அழைப்புகள் கூட ஆவதில்லை. பத்துச் சோடிகளுக்கு மொத்த அழைப்புகள் 82,499, விடைகள் 16,796, விகிதம் ஐந்துக்குச் சற்றுக் கீழே. `n` வளர வளர இந்த விகிதம் 16/3 என்ற எல்லையை நெருங்கும். ஆகவே நிரல் மெதுவாக ஓடுகிறது என்றால் தேடும் முறையைக் குறை சொல்ல முடியாது. விடைகளே அத்தனை இருக்கின்றன, ஒவ்வொன்றையும் `2n` எழுத்துகளில் எழுதித்தான் ஆக வேண்டும்.

நீளம் ஒற்றைப்படையாக இருந்தால்? `n = 0` என்றால்?

நீளம் ஒற்றைப்படை என்றால் விடையே இல்லை; நீளத்தை இரண்டால் வகுத்து `n` ஆக மாற்றும் முன் இதைச் சோதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முழு எண் வகுத்தல் மீதியை விழுங்கிவிட, 7 என்று கேட்டவருக்கு 6 எழுத்துச் சரங்கள் போய்ச் சேரும். `n = 0` என்றால் விடை ஒன்று, அது வெற்றுச் சரம். அதாவது வர வேண்டியது `[""]`. `[]` வந்தால் தவறு. மேலே உள்ள நிரல் இதைச் சரியாகவே தருகிறது.

எண்ணிக்கை மட்டும் போதும். சரங்களை உருவாக்காமலேயே எண்ண முடியுமா?

முடியும். அடுத்து என்ன எழுதலாம் என்பதை நிரல் `o`, `c` என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்தே முடிவு செய்கிறது; அதுவரை எழுதப்பட்ட எழுத்துகளின் வரிசையைப் பார்ப்பதில்லை. எனவே ஒரே `o`, `c` கொண்ட அரைகுறைச் சரங்களைத் தனித்தனியாகத் தொடராமல், "இந்த நிலைக்கு இத்தனை வழிகளில் வரலாம்" என்று ஓர் எண்ணாகத் திரட்டிவிடலாம். ஒரு நிலைக்குக் கடைசியாகத் திறந்து வந்திருக்கலாம் அல்லது கடைசியாக மூடி வந்திருக்கலாம். இரண்டையும் கூட்டினால் போதும். நான்கு சோடிகளுக்கான அட்டவணை, வரிசைக்கு ஒரு `o` என்ற கணக்கில், இப்படி அமையும்:

```
o=0:  1
o=1:  1  1
o=2:  1  2  2
o=3:  1  3  5  5
o=4:  1  4  9 14 14
```

ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலே உள்ளதையும் இடப்பக்கம் உள்ளதையும் கூட்டி வந்தது. கடைசி வரிசையில் உள்ள 9 என்பது மேலே உள்ள 5, இடப்பக்கம் உள்ள 4 ஆகியவற்றின் கூட்டல். வரிசையின் கடைசி எண்ணுக்கு மேலே எதுவும் இல்லாததால் இடப்பக்க எண்ணே திரும்ப வருகிறது. ஒவ்வொரு வரிசையையும் கூட்டிப் பாருங்கள்: 1, 2, 5, 14, 42. முந்தைய விடையில் வெட்டி ஒட்டிப் பார்த்தது இங்கே எண்களாகத் தெரிகிறது.

நிரலுக்கு முழு அட்டவணை தேவையில்லை. ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அதன்மேலேயே கூட்டிக்கொண்டு போகலாம்.

```python
def count(n):
    row = [1] + [0] * n
    for o in range(1, n + 1):
        for c in range(1, o + 1):
            row[c] += row[c - 1]
    return row[n]
```

ஆயிரம் சோடிகளுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கூட்டல்களில் விடை வந்துவிடும். உருவாக்கும் நிரலின் சரிபார்ப்புக்கும் இதையே பயன்படுத்தலாம்: 1 முதல் 10 வரை ஒவ்வொரு `n` க்கும் `len(generate(n)) == count(n)` ஆக இருக்க வேண்டும். வர வேண்டிய எண்கள் 1, 2, 5, 14, 42, 132, 429, 1430, 4862, 16796.

நேரடிச் சூத்திரம் ஏதும் இல்லையா? அது எங்கிருந்து வருகிறது?

இருக்கிறது. மொத்தச் சரங்களிலிருந்து தவறானவற்றைக் கழிப்பதுதான் வழி. மூன்று திறப்பும் மூன்று மூடலும் கொண்ட சரங்கள் 20. அவற்றில் தவறானவை எத்தனை?

தவறான சரம் ஒன்றில் நிலுவை முதன்முதலாக −1 ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து, அதுவரை உள்ள எழுத்துகளை மட்டும் தலைகீழாக்குங்கள்: திறப்பை மூடலாகவும் மூடலைத் திறப்பாகவும் மாற்றுங்கள். முதலில் பார்த்த `())(()` என்ற சரத்தில் மூன்றாவது எழுத்தில் −1 வந்தது. முதல் மூன்றை மாற்றினால் `)(((()` கிடைக்கிறது. இதில் திறப்பு நான்கு, மூடல் இரண்டு. அந்தப் பகுதியில் மூடல் ஒன்று அதிகமாக இருந்ததால், மாற்றியபின் திறப்பு ஒன்று அதிகமாகிறது. எனவே எந்தத் தவறான சரமும் இப்படியே மாறும்.

மறுதிசையிலும் இது செல்லுபடியாகும். நான்கு திறப்பும் இரண்டு மூடலும் கொண்ட எந்தச் சரத்திலும் முடிவு நிலுவை +2. ஆகவே வழியில் எங்கோ ஓரிடத்தில் முதன்முதலாக +1 வந்தே தீரும். அதுவரை மாற்றினால் பழைய தவறான சரம் திரும்பக் கிடைக்கும். எனவே தவறான சரங்களும், நான்கு திறப்புள்ள சரங்களும் ஒன்றுக்கொன்றாகப் பொருந்துகின்றன. பின்னவை, ஆறு இடங்களில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளான 15. ஆக 20 − 15 = 5.

`n` சோடிகளுக்கான விடை எண்ணிக்கையை `C(n)` என்றும், `a` இடங்களில் `b` இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை `binom(a, b)` என்றும் குறித்து, பொதுவாக எழுதினால்:

```
C(n) = binom(2n, n) - binom(2n, n+1)
     = binom(2n, n) / (n + 1)
```

இந்த எண்களுக்குக் கட்டலான் எண்கள் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜியக் கணிதர் யூஜேன் கட்டலானின் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவருக்கு முன்பே, 1751இல், ஆய்லர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குவிந்த பலகோணத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரிக்கும் வழிகளை எண்ணும்போது இதே எண்களைக் கண்டிருந்தார்.

அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிச் செல்வதற்கு `C(n+1) = C(n) * (4n+2) / (n+2)` என்ற வடிவம் வசதியானது. ஆனால் முதலில் பெருக்கி, பிறகு வகுக்க வேண்டும். `n = 2` இல் `2 * 10 // 4` என்பது 5. வகுத்தலை முந்திச் செய்து `2 * (10 // 4)` என்று எழுதினால் 4 வரும்.

எவ்வளவு பெரிய `n` வரை போகலாம்?

ஒவ்வொரு சோடி கூடும்போதும் விடைகள் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றன. மேலே உள்ள விகிதம் எப்போதும் நான்குக்குக் கீழேயே இருந்தாலும் நான்கை நெருங்கிக்கொண்டே போகும். 15 சோடிகளுக்கு 96,94,845 சரங்கள். ஒவ்வொன்றிலும் 30 எழுத்துகள் என்பதால் எழுத்துகள் மட்டுமே 29 கோடிக்கு மேல். 20 சோடிகளுக்கு 656 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரத்து 420 சரங்கள். எழுத்துக்கு ஒரு பைட் என்றாலும் 260 கிகாபைட்டைத் தாண்டும். இத்தகைய நிலையில் பட்டியலில் சேமிப்பதை விட்டுவிட்டு, `yield` மூலம் ஒவ்வொரு சரமாகக் கொடுத்து, பயன்படுத்தியவுடன் விட்டுவிடுவதே வழி. நினைவகச் சிக்கல் அதோடு தீரும். நேரச் சிக்கல் தீராது. ரிகர்ஷனின் ஆழம் எப்போதும் `2n` மட்டுமே என்பதால், அது ஒரு தடையாக வருவதற்கு வெகு முன்பே விடைகளின் எண்ணிக்கை உங்களை நிறுத்திவிடும்.

எண்ணுவதற்கு மட்டும் என்றால் பைத்தானில் எல்லை இல்லை. எண்ணின் அளவு வரையறுக்கப்பட்ட மொழிகளில் கவனம் தேவை. குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணில் 19 சோடி வரையும், 64 பிட்டில் 35 சோடி வரையும் விடை அடங்கும். கூட்டல் அட்டவணையில் இடையில் வரும் எந்த எண்ணும் கடைசி விடையை மிஞ்சாது. ஆகவே அது 35 வரை பத்திரமாகச் செல்லும். `binom(2n, n)` ஐக் கணக்கிட்டுப் பிறகு வகுப்பவர்களுக்கோ, 34ஆம் சோடியிலேயே வகுபடும் எண் 64 பிட்டை மீறிவிடும். பல மொழிகளில் இதற்கு எச்சரிக்கை எதுவும் வராது. எதிர்மறை எண்ணோ, முந்தையதைவிடச் சிறிய எண்ணோ தென்பட்டால் அதுதான் அடையாளம். ஆனால் அப்படித் தென்படாமலும் போகலாம்.

பட்டியல் முழுவதும் வேண்டாம், வரிசையில் 8ஆவது சரம் மட்டும் வேண்டும் என்றால்?

எண்ணுதலும் உருவாக்குதலும் கைகோக்கும் இடம் இது. எனக்குப் பிடித்த பகுதியும் கூட. ஒவ்வொரு நிலையிலும், `(` எழுதினால் அதன்கீழ் எத்தனை விடைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். தேடும் எண் அதற்குள் அடங்கினால் `(` எழுதுங்கள். அடங்காவிட்டால் அத்தனையையும் கழித்துவிட்டு `)` எழுதுங்கள்.

நான்கு சோடிகளில் 8ஆவது சரத்தைத் தேடுவோம். முதல் எழுத்து `(` என்பதில் மாற்றமில்லை. `((` என்று தொடங்குபவை 9. எட்டு அதில் அடங்குகிறது, எனவே `((`. அடுத்து `(((` என்று தொடங்குபவை 4; எட்டு அடங்கவில்லை, எனவே நான்கைக் கழித்து `(()` என்று மூடுகிறோம், தேடும் எண் இப்போது 4. `(()(` என்று தொடங்குபவை 3; மறுபடியும் அடங்கவில்லை, மூன்றைக் கழித்து `(())` என்று மூடுகிறோம், தேடும் எண் இப்போது 1. நிலுவை சுழியம் ஆனதால் திறந்தே ஆக வேண்டும். முதல் விடையே தேவை என்பதால் இரண்டையும் திறந்து மூடினால் `(())(())`. நிரலை ஓட்டிப் பட்டியலில் எட்டாவதைப் பாருங்கள், இதுவே இருக்கும்.

கிளைக்குக் கீழுள்ள விடைகளை எண்ணுவதற்கு, மேலே உள்ள அட்டவணையையே முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி நிரப்ப வேண்டும். 20 சோடிகளின் 656 கோடிச் சரங்களில் எதை வேண்டுமானாலும் 40 எட்டுகளில் எடுத்துவிடலாம். எல்லாச் சரங்களுக்கும் சமவாய்ப்பு இருக்கும்படி ஒன்றைக் குலுக்கி எடுக்கவும் இதுவே சரியான வழி: ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அந்த இடத்துச் சரத்தைக் கட்டிவிடலாம். அதை விட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் நாணயம் சுண்டிக் கிளையைத் தேர்ந்தெடுத்தால், `n = 3` இல் `((()))`, `()(())`, `()()()` ஆகிய மூன்றும் தலா நான்கில் ஒரு பங்கும், மற்ற இரண்டும் அதைவிடக் குறைவாகவும் வரும்.

`()`, `[]`, `{}` என்று மூன்று வகைக் குறிகளும் கலந்து வந்தால்?

திறக்கும்போது மூன்று தேர்வுகள். மூடும்போது தேர்வே இல்லை, கடைசியாகத் திறந்தது எந்த வகையோ அதையே மூட வேண்டும். அதனால் `c` என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. திறந்தவற்றை வரிசையாக அடுக்கி வைத்திருக்க வேண்டும், பின்வாங்கும்போது அந்த அடுக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மூடும் கிளையில் அடுக்கிலிருந்து எடுத்த குறியைத் திரும்பும்போது மறுபடி வைக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சோடிக்கும் மூன்று வகைகளில் ஒன்றைத் தன்னிச்சையாகத் தரலாம் என்பதால், கட்டலான் எண்ணை `3**n` ஆல் பெருக்கினால் போதும்: இரண்டு சோடிகளுக்கு 18, மூன்று சோடிகளுக்கு 135.